கணக்கு லாபம் காட்டுகிறது, வங்கி ஏன் தயங்குகிறது?

கேள்வி:

நான் சொந்தமாக ஒரு சிறிய தையல் கடை நடத்துகிறேன். இருக்கும் மெஷின்கள் பழையவை. நாளுக்கு 16 உடைகள்தான் தைக்க முடிகிறது. நான்கைந்து உடைகளையாவது "நேரமில்லை" என்று தினமும் திருப்பி அனுப்புகிறேன். ஒரு நிறுவனம் சீருடை ஆர்டர் தரத் தயாராக இருக்கிறது. ஆனால் துணியை நானே வாங்கித் தைக்க வேண்டும், பணம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வரும்.

இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், மொத்தம் 3 லட்சம். என்னிடம் 60 ஆயிரம் இருக்கிறது. 2 லட்சத்து 40 ஆயிரம் கடன் கேட்டு, மூன்று வருடத்தில் கட்டுவதாக வங்கிக்குக் கடிதம் எழுதினேன். அதில் நிகர தற்போதைய மதிப்புக் கணக்கும் போட்டேன். நாளுக்கு 10 உடை கூடுதல், 300 நாள், உடைக்கு 100 தையல் கூலி, ஆக 3 லட்சம். ஆட்கூலி, நூல், மின்சாரம் உடைக்கு 40. வட்டி வருடத்துக்கு 30 ஆயிரம். மிச்சம் ஒன்றரை லட்சம். ஐந்து வருடத்துக்கு 12 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால், மெஷின் விலை போக 2 லட்சத்து 40 ஆயிரம் நிற்கிறது. வாங்கும் கடன் அளவுக்கே லாபம்!

அதிகாரி படித்துவிட்டு, "கணக்கு நன்றாக இருக்கிறது, தவணையை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுச் செலவு போக இப்போது மாதம் 3,000 மிஞ்சுகிறது. என் கணக்கு தப்பா, அவருக்குப் புரியவில்லையா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அதிகாரிக்குப் புரிந்திருக்கிறது. அவர் கேட்டதும் சரியான கேள்விதான். அதே சமயம் உங்கள் திட்டம் மோசமானதும் இல்லை. உங்கள் கணக்கைத் திருத்திப் போட்ட பிறகும் லாபம்தான் வருகிறது, நீங்கள் எழுதிய அளவுக்கு வரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிகர தற்போதைய மதிப்பு என்பது மெஷினை வாங்குகிறவருக்கான கணக்கு. "இத்தனை வருடத்தில் வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றினால், இன்று நான் போடும் பணத்தைவிட அதிகமாக இருக்குமா?" என்று கேட்பவர் நீங்கள். வங்கி அப்படிக் கேட்காது. உங்கள் மெஷின் 2 லட்சம் லாபம் தந்தாலும் 20 லட்சம் லாபம் தந்தாலும் வங்கிக்குக் கிடைப்பது அசலும் பேசிய வட்டியும்தான். அதனால் அதன் கவலை முழுவதும் வேறு இடத்தில் இருக்கிறது. மோசமான ஒரு மாதத்தில், தவணை தேதியன்று, உங்கள் கணக்கில் பணம் இருக்குமா என்பதுதான் அது. ஐந்து வருடப் பணத்தை ஒரே எண்ணாகச் சுருக்கும்போது, எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்ற தகவல் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகிறது. அதிகாரிக்குத் தேவைப்பட்டது மறைந்துபோன அந்தத் தகவல்தான்.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. உங்களுக்காக இந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் வங்கிக்காக வேறொரு கணக்கு போட வேண்டும்.

முதலில் உங்கள் கணக்கு

உங்களுக்கே பாதகமாக நீங்கள் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். வருட வரவிலிருந்து 30 ஆயிரம் வட்டியைக் கழித்திருக்கிறீர்கள். பிறகு மிச்சத்தை 12 சதவீதத்திலும் கழித்திருக்கிறீர்கள். அந்த 12 சதவீதமே பணத்துக்கான விலைதான், அதாவது வட்டி ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. இதனால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாக ஆகிவிட்டது. இந்தக் கணக்கில் வட்டியையும் தவணையையும் செலவாகக் காட்டவே கூடாது. அவை வங்கிக்கான கணக்கில் வரும்.

மற்ற திருத்தங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. அவற்றில் பெரியது அந்தப் "பத்து உடை". அது மெஷினின் வேகத்தை வைத்து எடுத்த எண் என்று நினைக்கிறேன். பவர் மெஷின் நிமிடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் தையல்கூட ஓடக்கூடியது, வீட்டு மெஷினைப் போல் பல மடங்கு. ஆனால் தைப்பவரின் நேரத்தில் ஊசி ஓடும் நேரம் சிறு பகுதிதான். துணியை எடுப்பது, ஓரம் சேர்ப்பது, திருப்புவது, நூல் வெட்டுவது, பிரித்துத் தைப்பது ஆகியவற்றில்தான் பெரும்பகுதி போகிறது. அளவெடுத்துத் தைக்கும் கடையில் ஒவ்வொரு உடையும் வேறு வேறு என்பதால் இது இன்னும் அதிகம். மெஷின் மூன்று மடங்கு வேகம் என்றால் உடையும் மூன்று மடங்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

அதோடு, தையல் வேகமானால் நெருக்கடி அடுத்த மேசைக்கு நகரும். வெட்டுபவர் ஒருவர்தானே? காஜா, பட்டன், ஹெம்மிங், அயர்ன் எல்லாம் யார் செய்கிறார்கள்? நாளுக்கு 16 உடைக்குச் சரியாக இருக்கும் கட்டிங் மேசை 26 உடைக்குத் தாங்குமா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வாரம், வேலை முடிந்ததும் எங்கே துணி குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள். வெட்டிய துணி மெஷின் பக்கம் குவிந்திருந்தால் மெஷின்தான் தடை, புது மெஷின் உதவும். தைத்த உடை அயர்ன் மேசையில் குவிந்திருந்தால், எத்தனை மெஷின் வாங்கினாலும் அந்தக் குவியல்தான் உயரும்.

மூன்றாவது, வாடிக்கையாளர். நீங்கள் திருப்பி அனுப்புவது நான்கைந்து உடைகள். கையில் இருக்கும் உண்மையான சான்று அதுதான். எனவே முதல் வருடம் நாளுக்கு 5 உடை கூடுதல் என்று வைத்துக்கொள்கிறேன். புது மெஷினின் வேகத்துக்குக் கை பழகவும் சில வாரம் ஆகும். சீருடை ஆர்டர் நிலைத்தால் இரண்டாம் வருடம் 7, மூன்றாம் வருடத்திலிருந்து 8. உங்கள் ஆர்டர் நோட்டு வேறு எண்ணைச் சொன்னால் அதைப் போடுங்கள்.

செலவில் விடுபட்டவை இருக்கின்றன. அயர்ன், பட்டன் வேலைக்கு உடைக்கு 5 சேர்த்து, 100-இல் உங்களுக்கு நிற்பது 55 என்று எடுக்கிறேன். சர்வீஸ், ஊசி, எண்ணெய், உதிரிபாகம் வருடத்துக்கு 7,500. மெஷின் வைக்க வயரிங், மேசை, விளக்கு 10 ஆயிரம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சீருடைக்காக முன்கூட்டி வாங்கும் துணி. ஒன்றரை மாதம் பணம் வெளியே நிற்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 30 ஆயிரம் என்று வைப்போம். இது செலவில்லை, கடைசியில் திரும்பி வரும். ஆனாலும் ஐந்து வருடம் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு விலை உண்டு. ஆக இன்று நீங்கள் போடுவது 3 லட்சம் இல்லை, 3 லட்சத்து 40 ஆயிரம்.

உங்களுக்குச் சாதகமாக நீங்கள் மறந்த ஒன்றும் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து மெஷின்களை விற்கலாம். நன்றாகப் பராமரித்த பவர் மெஷினை இரண்டாங்கை விலைக்கு வாங்க ஆள் உண்டு. 60 ஆயிரம் என்று அடக்கமாகவே வைக்கிறேன்.

கடைசியாகக் கழிவு விகிதம், அதாவது வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் சதவீதம். கடன் வட்டி 12 சதவீதம் என்பதால் 12 போட்டீர்கள். ஆனால் உங்கள் சொந்தப் பணமும் இதில் போகிறது. வங்கிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, மெஷின் பிணையாக இருக்கிறது. உங்கள் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை, ஆர்டர் வராவிட்டால் முதலில் போவது அதுதான். அதற்கு 20 சதவீதமாவது எதிர்பார்க்க வேண்டும். கடன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், சொந்தப் பணம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்ற கலவையில் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது, பாதுகாப்பாக 15 என்று வைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு வருடமும் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

முதல் வருடம் 1,500 உடை, 75,000
இரண்டாம் வருடம் 2,100 உடை, 1,08,000
மூன்று, நான்காம் வருடங்கள் 2,400 உடை, தலா 1,24,500
ஐந்தாம் வருடம் அதே 1,24,500, கூடவே மெஷின் விற்ற 60,000, துணியில் முடங்கிய 30,000, மொத்தம் 2,14,500

இவற்றை 15 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 4 லட்சத்து 6 ஆயிரத்து 500. போட்ட 3 லட்சத்து 40 ஆயிரம் போக, நிற்பது ஏறக்குறைய 66,500.

2 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 66 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டதே என்று வருந்த வேண்டாம். இது நீங்கள் போட்ட பணத்துக்கு 15 சதவீதம் கிடைத்த பிறகும் மேலே நிற்கும் தொகை. கடுமையாகக் கழித்த பிறகும் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறது என்றால் திட்டத்தில் உயிர் இருக்கிறது.

கணினியில் போடுகிறீர்கள் என்றால் ஒரு பொறியைக் கவனியுங்கள். விரிதாளில் உள்ள NPV என்ற கட்டளை, பட்டியலின் முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டையும் அதே பட்டியலில் சேர்த்தால் அதுவும் ஒரு வருடம் கழித்த மதிப்புக்குக் குறைந்துவிடும், எண் பிசகும். முதலீட்டை C2-இல் கழித்தல் குறியோடும், ஐந்து வருட வரவை C3 முதல் C7 வரையிலும் எழுதி, இப்படிக் கேளுங்கள்:

```
=NPV(15%,C3:C7)+C2
```

அதிகாரி கேட்ட கேள்விக்கான கணக்கு

மூன்று வருடத்தில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 12 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 7,970. வருடத்துக்கு 95,700. முதல் வருடம் புது மெஷின்கள் தருவது 75,000. பற்றாக்குறை 20 ஆயிரத்துக்கு மேல்!

நிகர தற்போதைய மதிப்பு நன்றாக இருக்கும் ஒரு திட்டம் முதல் வருடத்திலேயே தவணைக்குத் தடுமாறுவது இப்படித்தான். லாபத்தின் பெரும்பகுதி மூன்றாம், நான்காம், ஐந்தாம் வருடங்களில் வருகிறது. நீங்களோ மூன்றாம் வருடம் முடிவதற்குள் கடனை முழுவதும் அடைக்கப் பார்க்கிறீர்கள். கடனைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் ஐந்து வருடம் உழைக்கும் மெஷினின் விலையை மூன்று வருடத்தில் அதனிடமிருந்தே வசூலிக்க முடியாது.

வங்கி உங்கள் முழுக் கடையையும் பார்க்கும். இப்போது மாதம் மிஞ்சும் 3,000 வருடத்துக்கு 36,000. அதையும் சேர்த்தால் முதல் வருடம் கையில் இருப்பது 1,11,000. இதை ஒரு வருடத் தவணையால் வகுத்துப் பார்ப்பார்கள். ஒன்று வந்தால் வந்த பணம் முழுவதும் தவணைக்கே போகிறது என்று பொருள். பொதுவாக ஒன்றேகாலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், ஒன்றரை இருந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

36 மாதத்தில் இந்த எண் 1.16. 48 மாதமாக்கினால் தவணை 6,320-க்கு இறங்கி, எண் 1.46 ஆகிறது. 60 மாதம் என்றால் தவணை 5,340, எண் 1.73. அப்படியானால் 60 மாதம்தானே நல்லது என்று தோன்றும். வட்டியையும் பாருங்கள். மொத்த வட்டி 36 மாதத்தில் சுமார் 47 ஆயிரம், 48 மாதத்தில் 63 ஆயிரம், 60 மாதத்தில் 80 ஆயிரம். உங்கள் நிலையில் நான் 48 மாதம் கேட்பேன். கூடவே, அந்த 48 மாதம் தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்பேன். அந்த மாதங்களில் கட்ட வேண்டியது 2,400 அளவில்தான் இருக்கும். கை பழகும் காலத்துக்கு அது பெரிய ஆறுதல்.

வருடக் கணக்கு சரியாக இருந்தாலும் மாதக் கணக்கு தனி. தையல் கடையில் சில மாதம் கூட்டம் அலைமோதும், சில மாதம் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். முதல் வருடத்தின் 75,000 மாதத்துக்குச் சராசரியாக 6,250. மந்தமான மாதத்தில் அது பாதியாகும், பழைய வேலையிலிருந்து மிஞ்சும் 3,000-உம் வராமல் போகலாம். அப்போது தவணைக்கு 3,000-க்கு மேல் குறையும். இரண்டு தவணைக்கான பணம், அதாவது 12 ஆயிரத்துச் சொச்சம், தொடாமல் தனிக் கணக்கில் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். கூட்டமான மாதங்களில் முதலில் இதை நிரப்புங்கள், அப்புறம் மற்றதெல்லாம். கடந்த ஒரு வருடத்தின் ஆர்டர் நோட்டை எடுத்து, மாதவாரியாக எத்தனை உடை என்று எழுதிப் பார்த்தால், எந்தெந்த மாதங்கள் உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைக் கடிதத்தோடு வைத்தால் அதிகாரி அதைத்தான் முதலில் படிப்பார்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. மெஷினுக்கும் வயரிங்குக்கும் 3 லட்சத்து 10 ஆயிரம். கடன் 2 லட்சத்து 40. உங்கள் பங்கு 70 ஆயிரம், கையில் இருப்பதோ 60. இதற்கு மேல் துணிக்கு 30 ஆயிரம். மொத்தம் 40 ஆயிரம் குறைகிறது. இதைக் கவனிக்காமல் மெஷின் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், சீருடை ஆர்டர் வந்ததும் துணி வாங்கக் காசில்லாமல் வெளியே அதிக வட்டிக்கு வாங்குகிறார்கள். ஆர்டரின் லாபம் அந்த வட்டியில் கரைந்துபோகிறது. ஆகவே துணிக்கான 30 ஆயிரத்தை, மெஷின் கடனோடு கலக்காமல், நடைமுறை மூலதனமாகத் தனியாகக் கேளுங்கள். தேவைப்படும்போது எடுத்து, சீருடைப் பணம் வந்ததும் கட்டிவிடும் வகையில் இருந்தால், எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. மீதி 10 ஆயிரத்தைச் சேர்த்த பிறகு கடனுக்குப் போங்கள், அல்லது வயரிங்கை இப்போதைக்குச் சுருக்குங்கள்.

எங்கே கவிழும்?

இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிக் கொடுத்தால் வங்கியின் நம்பிக்கை கூடும். உங்கள் திட்டத்தில் எல்லாம் ஒரே எண்ணில் தொங்குகிறது: நாளுக்கு எத்தனை உடை கூடுதல். ஐந்து வருடமும் 5-லேயே நின்றுவிட்டால் நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் 44 ஆயிரம் நஷ்டம். 6 என்றால் 11 ஆயிரம் லாபம். ஆக எல்லைக்கோடு ஏறத்தாழ 6-இல் இருக்கிறது. இப்போது திருப்பி அனுப்பும் வேலை மட்டும் போதாது, அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும், அந்தக் கொஞ்சம் சீருடை ஆர்டரிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே அந்த ஆர்டர் வாய்ப்பேச்சாக இருந்தால், கடன் வாங்குவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்குக் குறைந்தது எத்தனை உடை, எத்தனை நாளில் பணம், துணி விலை ஏறினால் யார் பொறுப்பு, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். எழுத்தில் தர மறுத்தால் மூன்று மெஷின்களையும் ஒன்றாக வாங்காதீர்கள். ஓவர்லாக்கும் ஒரு பவர் மெஷினும் முதலில் வாங்கி, நாளுக்கு எத்தனை உடை கூடுகிறது என்று ஆறு மாதம் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம். கடன் குறையும், தவணை குறையும், திரும்பி வரவும் வழி இருக்கும்.

ஓவர்லாக்கை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓரம் அடிக்கும் வேலையை இப்போது வெளியே கொடுக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. கொடுக்கிறீர்கள் என்றால், அந்தக் கூலி முழுவதும் மெஷின் வந்த நாள் முதல் மிச்சம். இதற்கு ஒரு புது வாடிக்கையாளர்கூட வரத் தேவையில்லை, இப்போது தைக்கும் 16 உடைகளிலேயே கிடைக்கிறது. மேலே நான் போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. இருந்தால் தனி வரியாகக் காட்டுங்கள். வரப்போகும் ஆர்டரைவிட, ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் செலவு நிற்பதை எந்த அதிகாரியும் எளிதில் நம்புவார், ஏனென்றால் அதற்கு ரசீது இருக்கிறது.

கடிதத்தை இப்படி எழுதலாம்

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நிகர மதிப்பைக் கடைசியில் ஒரு வரியாக மட்டும் வையுங்கள், கணக்குத் தாளைப் பின்னால் இணையுங்கள்.

"மேலாளர் அவர்களுக்கு, என் தையல் கடைக்கு இரண்டு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக் மெஷினும் வாங்க 2,40,000 கடன் கேட்கிறேன். முதல் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டி, அதன் பிறகு 48 மாதத்தில் அடைக்கும் வகையில் கோருகிறேன். மெஷின், மேசை, வயரிங் உட்பட மொத்தச் செலவு 3,10,000. என் பங்கு 70,000, சேமிப்புக் கணக்கின் நகல் இணைத்துள்ளேன். சீருடைத் துணி வாங்க 30,000 நடைமுறை மூலதனம் தனியாகக் கோருகிறேன்.

இப்போது நாளுக்கு 16 உடை தைக்கிறேன். நேரமின்மையால் திருப்பி அனுப்பிய உடைகளின் மாதவாரிப் பட்டியல் இணைப்பில் உள்ளது. சீருடை ஆர்டருக்கான எழுத்து உறுதியும் உள்ளது. இவற்றை வைத்து முதல் வருடம் நாளுக்கு 5 உடை மட்டுமே கூடுதல் என்று கணக்கிட்டுள்ளேன். அதிலிருந்து செலவு போக 75,000, கடையின் இப்போதைய மிச்சம் 36,000, மொத்தம் 1,11,000. வருடத் தவணை 75,800. மந்தமான மாதங்களுக்காக இரண்டு தவணைத் தொகையைத் தனியாக வைப்பேன்.

கூடுதல் வேலை ஐந்து வருடமும் சராசரியாக நாளுக்கு 6 உடைக்குக் கீழே போனால் இந்த முதலீடு எனக்கு லாபமாகாது. அப்போதும் கடையின் மொத்த வரவிலிருந்து தவணையைக் கட்ட முடியும், கணக்கு இணைப்பில் உள்ளது. எதிர்பார்க்கும் அளவில் நடந்தால், 15 சதவீதக் கழிவில் நிகர தற்போதைய மதிப்பு 66,500."

கடைசிப் பத்தியில் உள்ள "அப்போதும் கட்ட முடியும்" என்பதை வெறும் வார்த்தையாக எழுதவில்லை. 5 உடையிலேயே நின்றாலும் வருடத்துக்கு 1,11,000 வருகிறது, தவணை 75,800. அதாவது உங்களுக்கு லாபமில்லாத நிலையிலும் வங்கிக்குப் பணம் வந்துவிடும். வங்கியின் பார்வையும் உங்கள் பார்வையும் பிரியும் இடம் இதுதான் என்பதால் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வங்கி சரி என்று சொல்லிவிட்டது என்பதாலேயே திட்டம் உங்களுக்கு நல்லது என்று ஆகிவிடாது. முன் பகுதியில் போட்ட கணக்கைக் கைவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கையெழுத்துக்கு முன்

வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். நான் போட்ட தவணைகள் எல்லாம், கட்டக் கட்டக் குறையும் அசலின் மேல் வட்டி என்ற முறையில். முழு அசலுக்கும் மூன்று வருடமும் ஒரே வட்டி என்று சொல்லும் கடனில், வாயால் சொல்லும் 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டும். நீங்கள் வருடா வருடம் 30 ஆயிரம் வட்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யாரோ உங்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகமாக இருக்கிறது. மாதவாரியாக அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். முதல் மாத வட்டி 2,400, இரண்டாம் மாதம் அதைவிடக் குறைவு என்று இறங்கிக்கொண்டே போனால் சரி.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, வட்டி இடையில் மாறுமா, இவற்றையும் கேளுங்கள். கூட்டமான ஒரு மாதத்தில் கூடுதலாக 20 ஆயிரம் கட்ட முடிந்தால் 48 மாதக் கடனும் சுருங்கும், ஆனால் அதற்கு ஒப்பந்தம் இடம் தர வேண்டும்.

கடன் தீரும்வரை மெஷின்கள் வங்கியின் பிணையில் இருக்கும். வங்கியைக் கேட்காமல் விற்கவோ மாற்றவோ முடியாது. காப்பீடு எடுக்கச் சொல்வார்கள், அதன் பிரீமியத்தையும் வருடச் செலவில் சேருங்கள். கடை உங்கள் ஒருவர் பெயரில் நடக்கிறது என்றால், கடைக் கடனும் உங்கள் சொந்தக் கடனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். மெஷினை விற்றும் கடன் தீராவிட்டால் உங்கள் மற்ற சொத்துகளையும் கேட்க முடியும். வீட்டில் வேறு யாரையாவது ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால், இதை அவருக்கு விளக்கிச் சொல்லாமல் போட வைக்காதீர்கள்.

மனுவைத் திருப்பிக் கொடுத்தது நிராகரிப்பு இல்லை, அதிகாரி கேள்வியோடுதான் கொடுத்திருக்கிறார். இந்த முறை ஆர்டர் நோட்டு, திருப்பி அனுப்பிய உடைகளின் பட்டியல், சீருடைக்கான எழுத்து, மெஷின் விற்பவரின் விலைப்பட்டியல், ஒரு வருட வங்கிக் கணக்கு நகல் ஆகியவற்றோடு போங்கள். அப்போதும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தவணை தாங்காது என்று சொன்னால் தொகையைக் குறைத்து இரண்டு மெஷினோடு மறுபடி கேட்கலாம். பிணை போதாது என்று சொன்னால் கணக்கைத் திருத்தி எழுதிப் பயனில்லை, வேறு வங்கியைப் பார்க்க வேண்டியதுதான்.